குருவைக் கொன்னுட்டா மட்டும் கதை நகராது

போன மாசம் குன்னூர்ல நாங்க அஞ்சாறு பேர் உக்காந்து கையெழுத்துப் பிரதி வாசிக்கிற கூட்டத்துக்கு மூணு புது நாவல் வந்துச்சு. மூணுலயும் ஹீரோவுக்கு வழி காட்டுற ஒரு பெரியவர், மூணு பெரியவரும் நாவல் பாதியில செத்துப்போறாங்க, மூணு ஹீரோவும் ஒரு அத்தியாயம் அழுதுட்டு அடுத்த அத்தியாயத்துல நேத்து பாத்த அதே வேலைய இன்னிக்கும் பாக்கப் போறாங்க. கேக்கக் கேக்க எனக்கு மனசே ஆறல, ஏன்னா என் முதல் நாவல்ல நான் பண்ணதும் இதேதான், அத சரி பண்ண ரெண்டு வருஷம் போச்சு.

வெள்ளத்தாடி, வாயத் தொறந்தா பழமொழி, இந்த மாதிரி தப்பெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அத விட்டுடறேன்.

போனவர் எதையும் எடுத்துட்டுப் போகல

இதுதான் பெரிய தப்பு. இன்னிக்கும் எனக்குக் கோவம் வர்ற தப்பும் இதுதான்.

என் நாவல் கோத்தகிரி பக்கம் ஒரு சின்ன டீ ஃபேக்டரில நடக்குது. மாதின்னு ஒரு பொண்ணு, இருபத்திரண்டு வயசு, வீட்டுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை, மேல கடன். ஃபேக்டரில முப்பது வருஷமா டீ மேக்கரா இருக்கிற தாத்தாகிட்ட வேலை கத்துக்கறா. இலைய எவ்வளவு நேரம் வாடவிடணும், மெஷின்ல அரைச்சு வந்தத எவ்வளவு நேரம் புளிக்கவிடணும், எப்ப டிரையருக்கு அனுப்பணும்னு ஆறாம் அத்தியாயத்துல தாத்தா எல்லாத்தையும் சொல்லிக் குடுத்துட்டார். ஒன்பதாம் அத்தியாயத்துல மழை, மண்சரிவு, தாத்தா போய்ட்டார். பத்துல மாதி அழறா. பதினொண்ணுல ஃபேக்டரிக்குப் போறா, தாத்தா சொன்னபடியே டீ போடறா, நல்லா வருது.

எழுதினப்ப நானே அழுதேன். அப்புறம் கோத்தகிரில இருக்கிற ரிடையர்டு தமிழ் வாத்தியார் ஒருத்தர்கிட்ட படிக்கக் குடுத்தேன். அவர் ஒன்பதையும் பத்தையும் ரப்பர் பேண்ட் போட்டு தனியா எடுத்து வச்சுட்டு மீதியத் திருப்பிக் குடுத்தார். "இது ரெண்டும் இல்லாம படிச்சுப் பாத்தேன்பா, ஒரு எடத்துலயும் தடுக்கல"ன்னார். வீட்டுக்கு வந்து நானும் அப்படிப் படிச்சேன். உண்மையிலேயே தடுக்கல.

ஏன் தடுக்கலன்னா, மாதி தாத்தாகிட்ட இருந்து எடுத்துக்க வேண்டியத எல்லாம் அவர் உயிரோட இருக்கறப்பவே எடுத்து முடிச்சுட்டா, அவர் போனதுல அவளுக்கு துக்கம் உண்டு, ஆனா கைல எதுவும் குறையல. கதைல குரு பாக்கற வேலை பெரும்பாலும் மூணுதான்: தெரியாதத சொல்லிக் குடுப்பார், ஹீரோவுக்குப் பதிலா முடிவு எடுப்பார், வர்ற அடிய தான் வாங்கிப்பார். புதுசா எழுதறவங்க முதல் வேலைய மட்டும்தான் எழுதறாங்க. அதுதான் குரு போனாலும் ஹீரோகிட்டயே தங்கிடற ஒண்ணு. மத்த ரெண்டுதான் அவரோடயே போகும், ஹீரோவ முன்னாடி தள்றதும் அந்த ரெண்டு காலி இடந்தான்.

ரெண்டாவது தடவ எழுதறப்ப நான் மாத்தினது இதுதான். மாதிக்கு எல்லாம் தெரியும், ஆனா புளிக்கப் போட்ட இலைய கைல அள்ளி மோந்து பாத்து "போதும்"னு சொல்றது தாத்தா மட்டும். அந்த ஒரு வார்த்தைக்கு அப்புறந்தான் டிரையர். சீக்கிரம் சொன்னா கப்புல பச்சை வாடை அடிக்கும், லேட்டா சொன்னா டீ சப்புன்னு உயிரில்லாம போகும், நம்ம ஊர் குளிர்ல புளிக்கறதும் மெதுவா நடக்கும், அதனால கடிகாரத்த மட்டும் பாத்து சொல்ல முடியாது. இத வச்சு மூணு காட்சி எழுதினேன். முதல்ல அவ அவசரப்பட்டு சொல்லி தப்பாயிடுது. ரெண்டாவது தடவ அவளுக்கு சரியாவே தெரியுது, வாயத் தொறக்காம தாத்தா மூஞ்சியவே பாத்துட்டு நிக்கறா. மூணாவது தடவ சொல்றா, தாத்தா "இன்னும் கொஞ்சம்"ங்கறார், அவர் சொன்னதுதான் சரின்னு ஆகுது. இப்ப படிக்கறவங்களுக்கும் அந்த "போதும்" தாத்தாவோடதுன்னு பதிஞ்சுடும்.

எதுக்குப் போறார்

மண்சரிவு எங்க ஊர்ல நெசந்தான், ஆனா கதைக்குள்ள அது வானத்துல இருந்து விழுந்தது, மாதிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. அத எடுத்துட்டேன். பதிலா, மழை சீசன்ல இலை குவியறப்ப முதலாளி வாட வைக்கற நேரத்தக் குறைச்சு சீக்கிரம் ஓட்டச் சொல்றார், தாத்தா முடியாதுங்கறார், நீயும் வாம்மான்னு மாதியக் கூப்பிடறார். கடன நெனச்சு அவ "நான் வரல தாத்தா"ங்கறா. அவர் சால்வையப் போத்திக்கிட்டு எறங்கிப் போய்டறார். அவ்வளவுதான், யாரும் சாகல. ஆனா அவர் போனதுல அவ சொன்ன ஒரு வார்த்தைக்குப் பங்கு இருக்கு, அத அவளால தட்டிவிட முடியாது.

அவர் போன அந்த நிமிஷம் தரைல இலை புளிச்சுட்டு இருக்கு. ஈரம் சரியா வத்தாத இலை, அவ பழகின வாசனையே இல்ல. இலை அவளுக்காகக் காத்திருக்காது, அழறதுக்கு நேரம் கெடையாது, எல்லாரும் அவ மூஞ்சியப் பாக்கறாங்க. "போதும்"ங்கறா. கொஞ்சம் சீக்கிரம் சொல்லிட்டா. அந்த சரக்கு குன்னூர் ஏலத்துல கம்மி விலைக்குப் போகுது, முதலாளி திட்டறப்ப குறுக்க வந்து நிக்க தாத்தா இல்ல. அடுத்த லோடு இலைய வாட விடாம ஓட்ட மாட்டேன்னு அவளே சொல்ற எடத்துக்கு கதை அங்கருந்துதான் போச்சு.

குரு போனதும் ஹீரோ எடுக்கற முதல் முடிவு சரியாவே அமைஞ்சுடுச்சுன்னா கொஞ்சம் சந்தேகப்படுங்க. அந்த முடிவுக்கு ஒரு விலை இருக்கட்டும், அப்பதான் போன ஆள் எவ்வளவு தாங்கிட்டு இருந்தார்னு படிக்கறவங்களுக்குத் தெரியும்.

உங்க பிரதிய வச்சு சோதிக்கறது ஈஸி. பென்சில எடுத்து, ஹீரோ குருவக் கேட்டு அவர் முடிவப் பண்ற எடத்துக்கெல்லாம் பக்க ஓரத்துல ஒரு புள்ளி வைங்க. அவர் போறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு புள்ளி கூட வரலன்னா ஹீரோ அவர் மேல சாஞ்சே நிக்கல. அடுத்து, அவர் போற அத்தியாயத்த எடுத்துட்டு மீதியப் படிங்க. தடுக்கணும்.

சாகத்தான் வேணுமா

வேண்டாம். மணிமேகலைல தெய்வம் அவள மணிபல்லவத் தீவுல தூங்க வச்சுட்டுப் போய்டுது, முழிச்சுப் பாத்தா யாருமே இல்ல, தனியா அலைஞ்சு அழுது பீடிகையப் பாத்து முற்பிறப்பத் தெரிஞ்சுக்கறா, அப்புறம் தெய்வம் வந்து மூணு மந்திரம் குடுத்துட்டு மறுபடியும் பறந்து போய்டுது. சாவே இல்ல. அவ தனியா நிக்கற எடம் மட்டும் அங்க அழுத்தமா இருக்கு.

நோய், இடம் மாறுறது, சண்டை, குருவே தப்பான ஆள்னு தெரிய வர்றது, எதுவும் ஆகும். சண்டைல பிரிஞ்சவர் பக்கத்து ஊர்லயே இருந்தும் போய்க் கேக்க முடியாதுங்கறது எனக்கு சாவ விட கனமாப் படுது. ரெண்டு பேரோட உறவுதான் மொத்த நாவலும்னா, அவர வெளிய அனுப்பவே வேண்டாம்.

ரொம்ப சீக்கிரம் போறது

ரெண்டாம் அத்தியாயத்துல போனா அது முன்கதை.

கனவுல வந்து வழி சொல்றது

கூடவே கூடாது.

அவர் விட்டுட்டுப் போன கடுதாசி

கூட்டத்துக்கு வந்த மூணுல ரெண்டுல இது இருந்துச்சு. குரு போய் நாப்பது பக்கம் கழிச்சு ஹீரோ தவிச்சு நிக்கறப்ப பெட்டிக்கடியில ஒரு கடுதாசி கெடைக்குது, அதுல என்ன பண்ணணும்னு எழுதியிருக்கு. காலியான எடத்துல அவரையே திரும்பக் கொண்டாந்து உக்கார வச்சாச்சு, ஹீரோ மறுபடியும் சொன்னதக் கேக்கற புள்ள ஆயிட்டான்.

அதுல ஒரு தம்பிகிட்ட, கடுதாசி இருக்கட்டும்பா, ஆனா பாதி மழைல நனைஞ்சு அழிஞ்சு போயிருக்கட்டும், என்ன பண்ணணும்ங்கற வரி அந்தப் பாதியில இருக்கட்டும்னு சொன்னேன். நேத்து மாத்தி எழுதி அனுப்பியிருக்கான். ஹீரோ அந்தக் காகிதத்த அடுப்புக்கு மேல புடிச்சு காயவச்சுப் பாக்கறான், எழுத்து தெரியல, மடிச்சு சட்டைப் பையில வச்சுட்டு கதவத் தொறந்து வெளிய போறான்.