மஞ்சள் விவசாயியிடம் புதுச் சேவைக்கான இடம் தேட…

ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் விவசாயிகளுக்கு ஏதாவது சேவை தொடங்க நினைத்தால், "உங்களுக்கு என்ன தேவை?" என்று கேட்காதீர்கள். "விலை வேணுங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். கிழங்கு வெட்டியதிலிருந்து பணம் கைக்கு வரும்வரை அவர் செய்வதை வரிசையாக எழுதுங்கள்: வெட்டுதல், வேகவைத்தல், காயவைத்தல், பாலீஷ், மூட்டை பிடித்தல், ஏலம், பணம். அப்புறம் ஒவ்வொரு படியிலும், "இது முடிந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்கிறீர்கள்?" என்று கேளுங்கள்.

வேகவைக்கவும் பாலீஷ் போடவும் வாடகை இயந்திரம் வந்தாயிற்று. அங்கே புதுச் சேவைக்கு இடம் குறைவு. காயவைக்கும் படியைப் பாருங்கள். களத்தில் 10, 15 நாள் கிடக்கும். ஈரம் 10 சதவீதம் அளவுக்கு இறங்க வேண்டும். அவரோ ஒரு விரலியை ஒடித்து, சத்தத்தை வைத்து முடிவு செய்கிறார். ஈரம் மிஞ்சினால் பூசணம் பிடிக்கும், அதிகம் காய்ந்தால் எடை போகும். களத்துக்கே வந்து ஈரமானியில் பார்த்துச் சொல்லும் சேவைக்கு இங்கே இடம் இருக்கலாம்.

இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன். போன ஏலத்தில் ஈரத்துக்காக விலை குறைத்தார்களா என்று நாலைந்து பேரிடம் விசாரியுங்கள். இல்லையென்றால் காசு கொடுக்க மாட்டார்கள். அடுத்த படிக்குப் போய்விடுங்கள்.