டிராயிங்கில் அச்சாகியிருக்கும் பிஓஎம் அட்டவணையை எக்செலுக்கு எடுக்கும்போது எங்கே பிசகுகிறது?

அசெம்பிளி டிராயிங் பிடிஎஃப்பாக வரும். டைட்டில் பிளாக்குக்கு மேலே, எந்தெந்தப் பார்ட் எத்தனை வேண்டும் என்று சொல்லும் பிஓஎம் அட்டவணை இருக்கும். அதிலிருந்து பார்ட் நம்பரையும் எண்ணிக்கையையும் எடுத்து, வாங்க வேண்டியவற்றின் பட்டியல் போட வேண்டும். பத்து நிமிட வேலை மாதிரி தெரியும். ஃபேப்ரிகேஷன் பட்டறையில் எஸ்டிமேஷன் பார்க்கும் எனக்கு, அதிகமாகத் திரும்பச் செய்ய நேர்ந்த வேலையும் இதுதான். இதில் வரும் தவறுகள் உடனே கண்ணில் படுவதில்லை. பட்டியல் பார்க்கச் சரியாகவே இருக்கும், ஆர்டர் போகும், சாமான் வரும். பொருத்துகிற அன்றைக்குத்தான் தெரியும்.

ஒரு சின்ன கன்வேயர் டிரைவ் அசெம்பிளியை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். எண்கள் நான் வைத்தவை, ஆனால் அமைப்பு நீங்கள் தினமும் பார்ப்பதுதான்.

```
 AR   AR    7   04-150    SHIM 0.5 THK
 REF  REF   6   6204-2RS  BEARING
 12    8    5   ISO 4017  BOLT HEX M10 X
                          30 LG CL 8.8
  2    2    4   04-120    BEARING HOUSING ASSY
       1    3   04-08     GUARD LH
  1         2   04-12     GUARD RH
  1    1    1   04-110    FRAME WELDMENT
 -2   -1  ITEM  PART NO   DESCRIPTION
```

ஒரே டிராயிங்கில் இரண்டு மாடல்கள் இருக்கின்றன, -1 மற்றும் -2. நமக்கு வந்த ஆர்டர் -1 இரண்டு, -2 ஆறு, ஆக மொத்தம் எட்டு மெஷின்.

முதலில் தலைப்பு வரி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அது அடியில் இருக்கிறது. டிராயிங்கிலேயே போடும் பார்ட்ஸ் லிஸ்ட் கீழிருந்து மேலே வளர்வது வழக்கம். பின்னால் ஒரு பார்ட் சேர்ந்தால் மேலே இன்னொரு வரி போட்டுக்கொள்ளலாம், டைட்டில் பிளாக்கை நகர்த்த வேண்டாம். காரணம் அவ்வளவுதான். சிக்கல், அதை நேராக்கும்போது வருகிறது. வரிசை 1, 2, 3 என்று வர வேண்டும் என்பதற்காக, எடுத்த எழுத்தை அப்படியே வரிவரியாகத் தலைகீழாக்குபவர்கள் உண்டு. ஐட்டங்கள்தான் கீழிருந்து மேலே போகின்றன. ஒரு கட்டத்துக்குள் மடிந்த எழுத்து எப்போதும்போல மேலிருந்து கீழேதான் போகும். ஐந்தாவது ஐட்டத்தைப் பாருங்கள்: `M10 X` ஒரு வரியில், `30 LG CL 8.8` அடுத்த வரியில். வரிகளைத் தலைகீழாக்கினால் `30 LG CL 8.8` நான்காவது ஐட்டத்தின் வாலில் போய் ஒட்டிக்கொள்ளும், போல்ட்டுக்கு நீளமே இருக்காது.

எங்கள் பட்டறையில் இது நடந்திருக்கிறது. நீளம் இல்லாத வரியைப் பார்த்த கடைக்காரர், கையில் இருந்த 40 மில்லி போல்ட்டைக் கொடுத்துவிட்டார். துளை அடிப்பக்கம் மூடியது. போல்ட் அடியில் முட்டி நின்றுவிட்டது, தலை பிளேட்டில் உட்காரவில்லை. ஸ்பேனருக்கு இறுக்கம் கிடைத்ததால் ஃபிட்டருக்கும் சந்தேகம் வரவில்லை. ஓட்டிப் பார்த்தபோது ஹவுசிங் ஆடியது. அன்றிலிருந்து முதலில் மடிந்த வரிகளை அதனதன் ஐட்டத்தோடு சேர்த்து ஒரே வரியாக்குவேன், அப்புறம்தான் வரிசையை மாற்றுவேன். ஐட்டம் எண் இல்லாத வரி என்றால் அது மேலே உள்ள வரியின் மிச்சம். சேர்ப்பதற்கு இதுதான் அடையாளம்.

பேரிங் விஷயத்தில் இதே மடிப்பு இன்னும் மோசம். கட்டம் குறுகலாக இருந்தால் `6204-` ஒரு வரியிலும் `2RS` அடுத்த வரியிலும் போகும். வால் விடுபட்டால் மிச்சம் வெறும் 6204. அதுவும் செல்லுபடியாகும் நம்பர்தான்: உள்விட்டம் 20, வெளிவிட்டம் 47, அகலம் 14. அளவெல்லாம் அப்படியே பொருந்தும். ஆனால் இரண்டு பக்கமும் சீல் இல்லாத, திறந்த பேரிங் வரும். தூசி பறக்கும் கன்வேயரில் அது எத்தனை நாள் ஓடும்?

அடுத்தது எண்ணிக்கைப் பத்திகள். இங்கே -2 இடப்பக்கமும் -1 அதற்கு வலப்பக்கமும் இருக்கின்றன. இப்படி வலமிருந்து இடமாக மாடல்களை அடுக்கும் டிராயிங்குகள் நிறைய வரும். தலைப்பைப் பார்க்காமல், முதலில் இருப்பது -1 ஆகத்தான் இருக்கும் என்று எடுத்தால் போல்ட் கணக்கே மாறிவிடும். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய பயம் காலிக் கட்டம். இடப்பக்க கார்டு -1க்கு மட்டும், வலப்பக்க கார்டு -2க்கு மட்டும். தேவையில்லாத கட்டத்தில் எதுவும் எழுதாமல் விட்டிருக்கிறார்கள். பிடிஎஃப்பில் இழுத்துத் தேர்ந்தெடுத்து காப்பி செய்தால் வருவது இது:

```
1 3 04-08 GUARD LH
1 2 04-12 GUARD RH
```

காலி இடம் சுருங்கிவிட்டது. இரண்டு வரிகளும் ஒரே மாதிரி ஆகிவிட்டன. இரண்டின் 1ம் முதல் பத்தியான -2இல் போய் விழும். ஆர்டர்படி LH இரண்டு, RH ஆறு வேண்டும். இந்தக் கணக்கில் LH ஆறு, RH ஆறு வரும். நான்கு கார்டுகளை வீணாக வெட்டி வளைத்து பெயின்ட் அடித்திருப்போம். காப்பி செய்வதற்குப் பதில், பிடிஎஃப்பிலிருந்து எழுத்தை எடுக்கும் pdftotext நிரலை இந்தக் கட்டளையோடு பயன்படுத்தினால் இடைவெளிகள் பெரும்பாலும் காப்பாற்றப்படும்:

```
pdftotext -layout drawing.pdf bom.txt
```

இதற்கு பிடிஎஃப்பில் நிஜமான எழுத்து இருக்க வேண்டும். பிடிஎஃப்பைத் திறந்து, அட்டவணையில் கண்ணுக்குத் தெரிகிற ஒரு பார்ட் நம்பரை Ctrl+F போட்டுத் தேடுங்கள். கிடைக்கவில்லை என்றால் ஸ்கேன் செய்த படமாக இருக்கலாம். இல்லாவிட்டால் ஆட்டோகேடின் எஸ்எச்எக்ஸ் எழுத்துரு வெறும் கோடுகளாக மாறியிருக்கலாம். அப்போது ஓசிஆர்தான் வழி. ஓசிஆரில் 0வும் Oவும், 8ம் Bயும் மாறுவது எல்லாருக்கும் தெரியும். பலர் கவனிக்காதது எண்ணிக்கைப் பத்தியில் தனியாக நிற்கும் 1. குறுகிய கட்டத்தில் அது ஓரக்கோட்டை ஒட்டி இருந்தால், கோடு என்று நினைத்து விட்டுவிடும். சில சமயம் கோட்டையே 1 என்று படித்து, 1ஐ 11 ஆக்கிவிடும். அதனால் ஓசிஆர் செய்த அட்டவணையில் எண்ணிக்கைப் பத்தியை மட்டும் கண்ணால் ஒருமுறை முழுக்கச் சரிபார்ப்பேன், எவ்வளவு நீளமாக இருந்தாலும்.

எக்செலில் ஒட்டும்போது வருவது வேறு வகைத் தொல்லை. `04-12` என்ற பார்ட் நம்பரை எக்செல் தேதி என்று எடுத்துக்கொள்ளும். இந்திய அமைப்பில் டிசம்பர் 4, அமெரிக்க அமைப்பில் ஏப்ரல் 12. `04-08`க்கும் இதே கதி. ஆனால் `04-110`, `04-120`, `04-150` தேதியாக முடியாததால் அப்படியே நிற்கும். பாதி சரியாக இருப்பதால்தான் மேலோட்டமாகப் பார்க்கும்போது பிடிபடுவதில்லை. இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. எக்செல் தானாக எழுத்தை இடப்பக்கமும் எண்ணையும் தேதியையும் வலப்பக்கமும் ஒதுக்கும். பார்ட் நம்பர் பத்தியில் ஒன்றிரண்டு மட்டும் வலது ஓரம் ஒதுங்கியிருந்தால் அவை கெட்டுப்போனவை. பிறகு அந்தக் கட்டத்தை Text என்று மாற்றினாலும் பழைய நம்பர் திரும்பாது. 2025இல் ஒட்டியிருந்தால் 45995 என்று ஒரு எண் வந்து நிற்கும். அது 4-12-2025க்கு எக்செல் உள்ளே வைத்திருக்கும் எண். `0047210` போன்றவற்றில் முன்னால் உள்ள பூஜ்யங்கள் போய்விடும். `47E3` என்பது 47000 ஆகிவிடும். எனவே ஒட்டுவதற்கு முன்பே காலிப் பத்தியைத் தேர்ந்தெடுத்து Format Cells இல் Text கொடுத்துவிட்டு, வெறும் எழுத்தாக ஒட்டுங்கள்.

இனி கூட்டல். நான்காவது ஐட்டமான 04-120 ஒரு சப் அசெம்பிளி. அதற்குத் தனி டிராயிங், தனி பிஓஎம். அதில் ஒரு ஹவுசிங்குக்கு 6204-2RS ஒன்று, ISO 4017 M10 X 30 போல்ட் நான்கு, ISO 4017 M6 X 16 போல்ட் நான்கு என்று வைத்துக்கொள்வோம். ஒரு மெஷினுக்கு ஹவுசிங் இரண்டு என்பதால், M10 போல்ட் ஹவுசிங்குக்குள்ளேயே எட்டு ஆகிறது. -1 மெஷினுக்கு 8ம் 8ம் சேர்த்து 16, -2க்கு 12ம் 8ம் சேர்த்து 20. ஆர்டருக்கு 2×16 + 6×20, அதாவது 152. மேல் டிராயிங்கை மட்டும் பார்த்தவர் 88 போல்ட் வாங்கி வந்து நிற்பார். மாடல் பத்திகளை மாற்றிப் படித்தவருக்கு 136 வரும், பதினாறு குறையும்.

பேரிங்குக்கு REF என்று போட்டிருக்கிறதே, அது எண்ணிக்கை இல்லை. ‘இது இங்கே தெரிகிறது, ஆனால் வேறு பட்டியலில் கணக்கில் இருக்கிறது’ என்று அர்த்தம். இங்கே அது 04-120க்குள் இருக்கிறது. எட்டு மெஷினுக்கு 16 பேரிங் போதும். REF என்ற இடத்தில் படத்தைப் பார்த்து இரண்டு என்று நிரப்பினால் 32 ஆகிவிடும்.

இங்கே இன்னொரு குழியும் இருக்கிறது. ISO 4017 பார்ட் நம்பர் பத்தியில் இருந்தாலும் அது பார்ட் நம்பர் அல்ல. முழு நீள மரை கொண்ட அறுகோணத் தலை போல்ட்டுக்கான தரநிலை எண் அது. எந்த அளவு போல்ட்டுக்கும் அதே எண்தான் வரும். பார்ட் நம்பரை வைத்து பிவட் போட்டுக் கூட்டினால் 152 M10 போல்ட்டும் 64 M6 போல்ட்டும் ஒன்றாகி, ISO 4017 — 216 என்று ஒரே வரி வரும். தரநிலை எண் உள்ள வரிகளில் அளவையும் வலிமை வகுப்பையும் சேர்த்து `ISO 4017 M10X30 8.8` என்று ஒரே அடையாளமாக்கிய பிறகே கூட்ட வேண்டும்.

பட்டியல் முடிந்ததும் நான் செய்யும் சரிபார்ப்பு காகிதத்தில்தான். அச்சடித்த டிராயிங்கில் ஒவ்வொரு மாடல் பத்தியையும் கையால் கூட்டுவேன், எழுத்துகளை விட்டுவிட்டு. இங்கே -1க்கு 12, -2க்கு 16. எக்செலிலும் அதே வர வேண்டும். காலிக் கட்டம் சுருங்கியிருந்தால் 11, 17 என்று வரும், உடனே மாட்டிக்கொள்ளும். அப்புறம் படத்தில் ஒவ்வொரு பார்ட்டையும் சுட்டி வட்டத்துக்குள் போட்டிருக்கும் ஐட்டம் எண்கள், அதாவது பலூன் எண்கள், ஒவ்வொன்றும் பட்டியலில் இருக்கிறதா என்று டிக் அடித்துக்கொண்டே போவேன். பலூன் இருந்து வரி இல்லையென்றால், அட்டவணை இரண்டாவது ஷீட்டில் தொடர்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஷிம்முக்கு எதிரே உள்ள AR, ‘தேவையான அளவு’ என்பது. அதை 0 என்றோ 1 என்றோ மாற்றிவிடாதீர்கள். கூட்டல் கணக்கு ஓட வேண்டும் என்பதற்காகப் பலர் 0 போடுவார்கள், பிறகு வடிகட்டும்போது அந்த வரியே காணாமல் போய்விடும். AR வரிகளை எழுத்தாகவே வைத்துத் தனியாகப் பிரித்து, பொருத்தப் போகும் ஃபிட்டரிடம் ஒரு மெஷினுக்கு எத்தனை பிடிக்கும் என்று கேட்டு, அந்த எண்ணை அவர் சொன்னது என்று குறித்து வேறொரு பத்தியில் எழுதுங்கள்.