தைரொக்சின் குளிசையும் காலைத் தேத்தண்ணியும்

மட்டக்களப்பில் விடிந்ததும் பால் தேத்தண்ணிதான். தைரொயிட் சுரப்புக் குறைவுக்குத் தைரொக்சின் குளிசை போடுகிறவர்கள் அதைக் கொஞ்சம் தள்ளிவைக்க வேண்டும். 5.30 மணிக்கு வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரோடு குளிசையைப் போட்டால், 6.30 மணிக்குத் தேத்தண்ணியும் சாப்பாடும். பால், கோப்பி, சோயா மீற் எல்லாம் மருந்து உடம்பில் சேருவதைக் குறைக்கும்.

பெரிய இடைஞ்சல் இரும்புச்சத்துக் குளிசையும் கல்சியமும்தான். கிளினிக்கில் ஒன்றாகத் தந்தாலும் சேர்த்துப் போடாதீர்கள். 4 மணித்தியாலமாவது இடைவெளி வேண்டும். கர்ப்பிணித் தாய்மார் இதில் மிகக் கவனம்.

காலையில் மறந்து 11 மணிக்கு ஞாபகம் வந்தால் அப்போதே போடுங்கள். மறுநாள் விடியத்தான் நினைவு வந்ததென்றால் அன்றைய குளிசை மட்டும். இரண்டாகப் போட்டால் நெஞ்சு படபடக்கலாம்.