குதிகால் வலி: ஷூ எங்கே மடங்குகிறது என்று பாருங்கள்

தி.நகர் ஜவுளிக்கடையில் தினமும் பத்து மணி நேரம் நின்றபடி வேலை. காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதல் அடியிலேயே குதிகாலில் ஊசி குத்துவது போல வலிக்கும். கொஞ்சம் நடந்தால் குறையும், சாயங்காலம் திரும்ப வரும்.

முதலில் மெத்தென்ற செருப்பு வாங்கினேன். ஒரு வாரம்தான் சுகம். கட்டைவிரலால் அழுத்தினால் ஸ்பாஞ்ச் அடிவரை அமுங்கியது. நான் நின்றது கிட்டத்தட்ட வெறும் தரையில்தான். அடுத்து ஷூவுக்குள் ஜெல் பேட் வைத்தேன். அது குதிகாலைத் தூக்கியதால் ஷூவின் பின்பக்கம் பிடிக்காமல் நழுவியது.

பழைய ஷூவை இரண்டு கையாலும் மடக்கிப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. விரல் மடங்கும் இடத்தில் வளையாமல் நட்டநடுவில் வளைந்தது. அப்படி வளைந்தால் குதிகாலிலிருந்து விரல்வரை ஓடும் பாதத்தின் தசைநார் ஒவ்வொரு அடிக்கும் இழுபடும். அது எலும்போடு ஒட்டும் இடத்தில்தான் வலி.

அதனால் நடுவில் மடங்காத, பின்பக்கம் கிள்ளினால் நசுங்காத, பாதத்தின் உள்வளைவைத் தாங்குகிற ஷூ எடுத்தேன். குதிகால் பக்கம் முன்பாதத்தைவிட ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உயரம். கால் வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் போட்டுப் பார்த்து வாங்கினேன். வீட்டு டைல்ஸிலும் வெறுங்காலோடு நடக்கவில்லை. ஆறு வாரத்தில் அந்த முதல் அடி வலி நின்றது, நிம்மதி. குதிகால் மரத்துப்போனாலோ, ராத்திரி படுத்திருக்கும்போதும் வலித்தாலோ ஷூவை மாற்றிக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.