முடிச்சில் பங்கு பிரிவது உயரம் அல்ல

கல்லணையில் வந்து சேரும் தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரியும்போது, பிரிந்த அளவுகளைக் கூட்டினால் வந்த அளவு கிடைக்கும் என்பது டெல்டாவில் வளரும் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டிய கணக்கு அல்ல. ஒவ்வொரு வாய்க்காலின் தலைப்பு மதகிலும் அதைப் பார்த்தே வளர்கிறார்கள். மெல்லிய கயிறும் கனத்த கயிறும் இணையும் முடிச்சுக்கு ஓர் அலைத்துடிப்பு வந்து சேர்கிறது, அதில் ஒரு பகுதி திரும்புகிறது, மறுபகுதி கடந்து செல்கிறது என்று பதினோராம் வகுப்பில் படிக்கும்போது, அதே மதகுக் கணக்கைத்தான் அவர்கள் இங்கேயும் போடுகிறார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்தில் பல ஆண்டுகளாக இயற்பியல் சொல்லிக்கொடுத்துவரும் நான் திருத்திய தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஓர் எண்ணத்திலிருந்து முளைத்தவை.

ஒரு சோதனையை எடுத்துக்கொள்வோம். வழவழப்பான சிமெண்டுத் தரையில், 6 மீட்டர் மெல்லிய கயிற்றையும் 6 மீட்டர் கனத்த கயிற்றையும் இணைத்து நீட்டுகிறோம். கனத்த கயிற்றின் கடைசி முனையை ஒரு தூணில் கட்டி, மெல்லிய கயிற்றின் முனையைக் கையில் பிடித்து, சுருள்வில் தராசு ஏறத்தாழ 2 கிலோ காட்டும் அளவுக்கு, அதாவது 20 நியூட்டன் இழுவிசையில் இழுக்கிறோம். ஒவ்வொரு கயிற்றிலும் 2 மீட்டர் நீளத்தை எடைபோட்டால் மெல்லியது 100 கிராம், கனத்தது 400 கிராம் என்று வைத்துக்கொள்வோம். மீட்டருக்கு 0.05 கிலோவும் 0.2 கிலோவும் ஆகிறது.

இங்கேயே முதல் சறுக்கல் நேர்கிறது. கனத்த கயிற்றில் இழுவிசையும் அதிகமாக இருக்கும் என்று சிலர் எழுதுகிறார்கள். அப்படி இருந்தால் முடிச்சு அசையாமல் நிற்காது, இழுவிசை கூடிய பக்கமாக நகர்ந்துவிடும். இரண்டிலும் இழுவிசை ஒன்றே. மாறுவது ஒரு மீட்டரின் நிறை மட்டுமே. இழுவிசையை T என்றும் ஒரு மீட்டரின் நிறையை μ என்றும் குறித்தால், துடிப்பின் வேகம் v = √(T/μ). எனவே மெல்லிய கயிற்றில் வேகம் வினாடிக்கு 20 மீட்டர், கனத்ததில் 10 மீட்டர். நிறை நான்கு மடங்காக இருந்தும் வேகம் பாதியாகத்தான் குறைந்திருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். நிறைகளை நேரடியாகச் சூத்திரத்தில் போடுகிறவர்கள் இந்த வர்க்கமூலத்தைத் தொலைத்துவிடுகிறார்கள். கயிற்றின் பருமனைக் கண்ணால் பார்த்து முடிவு செய்வதும் கூடாது. பருமனான தேங்காய் நார்க் கயிறும் அதைவிட ஒல்லியான நைலான் கயிறும் மீட்டருக்கு ஒரே நிறை உடையவையாக இருந்தால், அவற்றின் இணைப்பில் துடிப்பு திரும்பவே திரும்பாது. ஐப்பசி மழையில் நனைந்த நார்க் கயிற்றின் நிறை கூடிவிடும் என்பதால், அதைச் சோதனைக்கு முன் மறுபடியும் எடைபோட வேண்டும்.

இப்போது மெல்லிய பக்கத்திலிருந்து 6 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு துடிப்பை அனுப்புகிறோம். தரையில் கிடக்கும் கயிற்றுக்கு உயரம் என்பது நேர்க்கோட்டிலிருந்து பக்கவாட்டில் விலகும் தூரம். துடிப்பு வரும் கயிற்றில் வேகம் v1, கடந்து செல்லும் கயிற்றில் v2 என்றால், திரும்பும் பங்கு r-உம் கடந்து செல்லும் பங்கு t-யும் இவை:

r = (v2 − v1)/(v2 + v1) = (10 − 20)/30 = −1/3

t = 2v2/(v1 + v2) = 20/30 = 2/3

ஆக, 2 சென்டிமீட்டர் துடிப்பு தலைகீழாகத் திரும்புகிறது. 4 சென்டிமீட்டர் துடிப்பு நேராகக் கடந்து செல்கிறது. 2-ஐயும் 4-ஐயும் கூட்டினால் 6 வருவதைக் கண்டதும் மதகுக் கணக்கு சரியாகிவிட்டது என்று மாணவர் மகிழ்கிறார். இந்த எண்கள் அவரை ஏமாற்றுகின்றன. திரும்பியது +2 அல்ல, −2. முடிச்சு இரண்டு கயிறுகளுக்கும் பொதுவான ஒரே புள்ளி என்பதால், எந்த நொடியிலும் அதற்கு ஒரே உயரம்தான் இருக்க முடியும். மெல்லிய பக்கத்தில் அந்த உயரம், வரும் துடிப்பும் திரும்பும் துடிப்பும் சேர்ந்த தொகை. கனத்த பக்கத்தில் அது கடந்து செல்லும் துடிப்பின் உயரம். எனவே 6 + (−2) = 4. சரியான உறவு t = 1 + r என்பதே.

கனத்த பக்கத்திலிருந்து அதே 6 சென்டிமீட்டரை அனுப்பிப் பார்த்தால் ஏமாற்றம் வெளுத்துவிடும். இப்போது r = +1/3, t = 4/3. நிமிர்ந்த நிலையில் 2 சென்டிமீட்டர் திரும்புகிறது, 8 சென்டிமீட்டர் கடந்து செல்கிறது. அனுப்பியதைவிடப் பெரிய துடிப்பு எப்படி வந்தது, ஆற்றல் எங்கிருந்து வந்தது என்று கேட்டு, விடையை அடித்துவிட்டு 4 என்று மாற்றி எழுதிய பிள்ளைகள் பலர். கேள்வி நியாயமானது, திருத்தம்தான் தவறு.

விடை துடிப்பின் அகலத்தில் இருக்கிறது. முடிச்சு எவ்வளவு நேரம் அசைகிறதோ, அவ்வளவு நேரத்துக்கே இரு பக்கமும் துடிப்பு உருவாகிறது. நேரம் மாறாது, வேகம் மாறுவதால் அகலம் மாறும். கனத்த கயிற்றில் 30 சென்டிமீட்டர் அகலமாக இருந்த துடிப்பு மெல்லியதில் 60 சென்டிமீட்டராக விரிகிறது. இழுவிசை ஒன்றாகவும் துடிப்பின் வடிவம் ஒத்ததாகவும் இருக்கும்போது, துடிப்பின் ஆற்றல் உயரத்தின் வர்க்கத்தை அகலத்தால் வகுத்ததற்கு ஏற்ப அமையும். உயரம் 4/3 மடங்கு, அதன் வர்க்கம் 16/9. அகலம் இரு மடங்கு என்பதால் ஆற்றல் 8/9 பங்கு. திரும்பிய துடிப்பின் அகலம் மாறவில்லை, உயரம் மூன்றில் ஒன்று, எனவே ஆற்றல் 1/9 பங்கு. இரண்டையும் கூட்டினால் முழுமையாக 1. மெல்லிய பக்கத்திலிருந்து அனுப்பிய முதல் துடிப்புக்கும் இதே கணக்கைப் போட்டால் 1/9, 8/9 என்றே வரும். மதகில் தண்ணீர் பிரிவதுபோல இங்கே பிரிவது ஆற்றல்தான். அகலத்தை மறந்து r² + t² = 1 என்று எழுதுகிறவர்களுக்கு, முதல் சோதனையில் 5/9-உம் இரண்டாவதில் 17/9-உம் கிடைக்கும்; அதுவே தவறைக் காட்டிக்கொடுக்கும்.

கடந்து செல்லும் துடிப்பு எந்த நிலையிலும் தலைகீழாவதில்லை. t-யின் சூத்திரத்தில் கழித்தல் குறிக்கு இடமே இல்லை.

இனி, தரையில் செய்து பார்க்கும்போது நேரும் ஒரு தவறு; இதைப் புத்தகத்தில் மட்டும் படிக்கிறவர்கள் சந்திக்க மாட்டார்கள். மெல்லிய கயிற்றைக் கையில் பிடித்திருப்பவர், தன் கைக்கு வரும் பெரிய தலைகீழ்த் துடிப்பைத்தான் முடிச்சிலிருந்து திரும்பியது என்று குறித்துக்கொள்கிறார். உண்மையில், கடந்து சென்ற 4 சென்டிமீட்டர் துடிப்பு தூணில் மோதி முழுவதும் தலைகீழாகி, திரும்ப முடிச்சைக் கடக்கும்போது 4/3 மடங்காகி, 5 சென்டிமீட்டருக்குச் சற்று மேலான துடிப்பாகக் கைக்கு வருகிறது. தரையின் உராய்வு அதைக் கொஞ்சம் குறைத்தாலும், முன்னால் வந்த 2 சென்டிமீட்டரைவிட அது பெரியதாகவே தெரியும். இரண்டையும் பிரித்தறிய நேரம் போதும்: முடிச்சிலிருந்து திரும்புவது 0.6 வினாடியில் கைக்கு வரும், தூணிலிருந்து வருவது 1.8 வினாடியில் வரும். கைப்பேசியில் வினாடிக்கு 240 படங்கள் எடுக்கும் மெதுவோட்டக் காணொளியில் மெல்லிய கயிற்றின் துடிப்பு ஒரு படத்துக்கு 8 சென்டிமீட்டருக்குச் சற்று மேலாகவும், கனத்ததில் அதன் பாதியாகவும் நகர்வதை அளக்க முடியும். உயரங்களை, துடிப்பு முடிச்சை விட்டு முழுவதும் விலகியவுடனேயே அளந்துவிட வேண்டும். பெரிய முடிச்சு தன் நிறையாலேயே கூடுதலாகத் துடிப்பைத் திருப்பிவிடும் என்பதால், கயிறுகளின் பிரிகளை அவிழ்த்து ஒன்றோடொன்று பின்னி இணைத்தால் எண்கள் கணக்கோடு நெருங்கி வரும்.