மதுரையில் அம்மா, டொராண்டோவில் மகள்: சேர்ந்து தொடர் பார்க்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையில் இருக்கும் அம்மாவும் டொராண்டோவில் இருக்கும் மகளும் வாரம் ஒரு நாள் ஒரே தொடரைச் சேர்ந்து பார்க்க முடிவு செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலானவர்கள் முதலில் செய்வது, சூம் அல்லது கூகுள் மீட்டில் அழைத்து மகளின் திரையைப் பகிர்வது. அம்மாவுக்குக் கறுப்புத் திரைதான் தெரியும். சிலசமயம் வசனம் மட்டும் கேட்கும். அழைப்பிலோ இணையத்திலோ கோளாறு இல்லை. ஓடிடி சேவைகள் படத்தைப் பூட்டி அனுப்புவதால், திரையைப் பதிவுசெய்யவோ பகிரவோ முயன்றால் அந்தப் பகுதி கறுப்பாகிவிடுகிறது. பிரவுசரில் ஏதோ ஒரு செட்டிங்கை அணைத்தால் சரியாகும் என்று சொல்பவர்கள் உண்டு. அப்படியே வந்தாலும் படம் விட்டுவிட்டு ஓடும், விதிமீறலும்கூட.

இதற்கென்றே உள்ள டெலிபார்ட்டி போன்ற கருவிகள் படத்தை அனுப்புவதே இல்லை. ‘ஓடு’, ‘நில்’, ‘இத்தனையாவது நிமிடம்’ என்ற தகவலை மட்டும் இரண்டு வீட்டுக்கும் சொல்கின்றன. படம் அவரவர் கணக்கிலிருந்தே வருகிறது. ஆகவே இரண்டு வீட்டிலும் சந்தா வேண்டும், அந்தத் தொடர் இரண்டு நாட்டிலும் அதே சேவையில் இருக்கவும் வேண்டும். அம்மாவின் கணக்கில் மகள் அங்கே நுழைந்தாலும் தெரிவது கனடாவின் பட்டியல்தான். தொடரை முடிவு செய்யும் முன், இருவரும் அவரவர் திரையில் பெயரைத் தேடிப் பார்த்துவிடுவது நல்லது. மொழி வேறாக இருப்பது பிரச்சினை இல்லை. அம்மா தமிழ் டப்பிங்கிலும் மகள் ஆங்கிலத்திலும் கேட்கலாம். ஒரே சேவையில் பொதுவாக ஒலி மட்டுமே மாறுகிறது, படத்தின் நீளம் மாறாது.

அடுத்த சிக்கல் டிவி. டெலிபார்ட்டி கணினி பிரவுசரில் சேர்க்கும் ஒரு நீட்சி. டிவியில் உள்ள ஓடிடி ஆப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. அம்மா லேப்டாப்பில் திறந்து, எச்டிஎம்ஐ கேபிளால் டிவியில் இணைத்தால் வேலை முடிந்தது. ஆப்பிளின் ஷேர்ப்ளே வசதியாக இருக்கும், ஆனால் இரண்டு பக்கமும் ஆப்பிள் சாதனம் வேண்டும். அம்மாவிடம் ஆண்ட்ராய்டு போன் என்றால் அதை மறந்துவிடலாம். டெலிபார்ட்டி அறையைத் தொடங்கும்போது ‘கட்டுப்பாடு என்னிடம் மட்டும்’ என்று ஒரு தேர்வு வரும். அதைத் தொடாதீர்கள். குக்கர் விசில் அடிக்கும்போது நிறுத்த அம்மாவாலும் முடிய வேண்டும்.

லேப்டாப்பே வேண்டாம், டிவியில்தான் பார்ப்பேன் என்று அம்மா சொன்னால் கையால் ஒத்துப்போக வைக்கலாம். அது ஒன்றும் மட்டமான வழி இல்லை. இங்கே செய்யும் தவறு, திரையில் தெரியும் எண்ணை நம்புவது. இரண்டு நாட்டில் இரண்டு சேவை என்றால் தொடக்கத்தில் வரும் லோகோ, முன்கதைச் சுருக்கம் இவற்றின் நீளம் மாறும். மகள் திரையில் 2:10 என்று இருக்கும்போது அம்மாவுக்கு 1:52 என்று இருக்கலாம். எண்ணை விட்டுவிட்டுக் காட்சியைப் பிடியுங்கள். ஒரு கதவு மூடுகிற இடத்தில் இருவரும் நிறுத்துங்கள். பிறகு ஒருவர் “மூணு, ரெண்டு, ஒண்ணு” என்று சொல்ல, இருவரும் ஒன்றாக ஓடவிடுங்கள். ஒரு நொடி முன்பின் இருந்தால் பெரிதாகத் தெரியாது.

பத்து நிமிடம் கழித்து இன்னொரு காட்சியில் சரிபாருங்கள். வித்தியாசம் அப்படியே இருந்தால் கவலை இல்லை. திடீரென ஒரு நிமிடம் போல விலகியிருந்தால், யாரோ ஒருவருடையது விளம்பரத்தோடு வரும் திட்டம். ஒவ்வொரு விளம்பரத்துக்குப் பிறகும் மறுபடி எண்ண வேண்டியதுதான். வித்தியாசம் மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே போனால் காரணம் வேறு. சில பழைய தொடர்களுக்கு, நொடிக்கு 24 படம் ஓடுவதை 25 ஆக வேகப்படுத்திய பிரதி புழக்கத்தில் உண்டு. அதில் 45 நிமிட எபிசோடு 43 நிமிடத்துக்குச் சற்று மேல் முடிந்துவிடும். அதாவது பத்து நிமிடத்துக்குள் 20 நொடிக்கு மேல் விலகும். இதை எண்ணிச் சரிசெய்ய முடியாது, வேறு தொடரைப் பாருங்கள்.

ஒலி விஷயம் சின்னதுதான். போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு பார்த்தால் அம்மா வீட்டு டிவியின் வசனம் மகள் காதில் இரண்டாவது முறை விழும். டிவி சத்தத்தை அடக்குகிறேன் என்று போன் பேச்சையும் விழுங்கும். பேசுவதற்கு ஒரு காதில் இயர்போன் இருந்தால் போதும்.

நொடிக்கணக்கை இப்படிச் சமாளித்துவிடலாம். பெரும்பாலும் இது நின்றுபோவது வாரக்கணக்கில்தான். முதல் வேலை, யாருடைய கடிகாரம் என்று முடிவு செய்வது. கோடையில் மதுரையில் சனி இரவு 8 மணி என்றால் டொராண்டோவில் காலை 10:30. நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே வைப்பார்கள். அடுத்த சனிக்கிழமை மகள் வழக்கம்போல 10:30க்கு உட்கார்ந்தால் இங்கே மணி 9. அம்மா ஒன்பதரைக்குத் தூங்குபவர் என்றால் அன்றைக்கு அரைமணிதான் மிச்சம். மார்ச் இரண்டாவது ஞாயிறு வரை இதே கதை. ஆகவே மதுரை நேரம்தான் கணக்கு என்று வைத்துக்கொண்டு, காலண்டர் நினைவூட்டலை இந்திய நேர மண்டலத்தில் போடச் சொல்லுங்கள். மகளுக்கு அது 9:30க்குத் தானாக மாறிக்கொள்ளும்.

இரண்டாவது, முன்னே ஓடிப்போவது. இதில் பாதி வேண்டுமென்றே நடப்பதில்லை. எபிசோடு முடிந்து இருவரும் கதையைப் பேசிக்கொண்டிருக்கும்போதே அடுத்தது தானாக ஓடத் தொடங்கி, பேச்சு முடிவதற்குள் பத்து நிமிடக் கதை கண்ணில் பட்டுவிடும். நெட்ஃபிளிக்ஸில் இதை அணைக்கலாம்: பிரவுசரில் கணக்குப் பக்கம் போய், உங்கள் புரொஃபைலின் Playback settings-இல் Autoplay next episode என்ற தேர்வை எடுத்துவிடுங்கள். அப்பாவும் அதே புரொஃபைலில் பார்ப்பவர் என்றால், செவ்வாய்க்கிழமையே அவர் மூன்று எபிசோடு முடித்திருப்பார். சனிக்கிழமை அம்மா அழுத்தும்போது ஆறாவது எபிசோடின் நடுவில் திறக்கும், யார் செத்தார்கள் என்பதும் தெரிந்துவிடும். சேர்ந்து பார்ப்பதற்கென்று தனி புரொஃபைல் ஒன்று திறந்துவிடுங்கள்.

தெரிந்தே முன்னே போகிறவரைப் பூட்டி வைக்க முடியாது. “ஒரே ஒரு எபிசோடு பார்த்துட்டேன்டி” என்று அம்மா சொன்னால், மகளும் அதைத் தனியாகப் பார்த்துவிட்டு அடுத்த வாரம் அடுத்ததிலிருந்து தொடர்வதுதான் நடக்கிற காரியம். பார்த்ததையே அம்மாவை மறுபடி உட்கார்த்தி வைத்தால், “இப்போ பாரு, இப்போ பாரு” என்பார்.

அளவைப் பொறுத்தவரை, வாரத்துக்கு ஒரு எபிசோடு என்று சொல்லிவிட்டு, இருவருக்கும் தெம்பு இருந்தால் இரண்டாவதைப் போடுவதே நல்லது. வாரம் மூன்று என்று தொடங்கினால் ஒரு கல்யாண வாரத்தில் கணக்கு இடிக்கும், விட்டதை ஈடுகட்டுவது வீட்டுப்பாடம் போல ஆகிவிடும். ஒருவர் வர முடியாத வாரத்தில் மற்றவரும் பார்க்காமல் இருப்பது என்றும், ஒரு மாதம் தள்ளிப்போனால் அவரவர் வேகத்தில் முடித்துக்கொள்ளலாம் என்றும் முன்கூட்டியே பேசிவையுங்கள். மூன்றாவது எபிசோடு முடிந்ததும் “பிடிச்சிருக்கா?” என்று வாய்விட்டுக் கேளுங்கள். அம்மாக்கள் மகள் மனசு நோகக்கூடாது என்று பிடிக்காத தொடரையும் கடைசிவரை பார்ப்பார்கள். கொட்டாவி கேட்டால் மாற்றிவிடுங்கள்.