பெயரில் விடுபட்ட எண்: பலர் தடுக்கி விழும் இடங்கள்

கும்பகோணத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் ஒரு பெண். பெயர் தமிழ்ச்செல்வி என்று வைத்துக்கொள்வோம். நியூமராலஜியில் பெயரின் ஒவ்வோர் ஆங்கில எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்து, எந்த எண் வரவில்லை என்று பார்ப்பார்கள். அப்படிப் பார்க்கும் ஒருவர், பெயரில் 2, 7, 8, 9 விடுபட்டிருப்பதாக எழுதிக் கொடுத்திருந்தார். 9 இல்லையென்றால் இரக்கத்தைக் கற்றுக்கொள்ளவே பிறவி எடுத்திருக்கிறாள் என்று அர்த்தமாம். அவள் அம்மாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை. "பக்கத்து வீட்டுக் கிழவிக்கு தினம் கஞ்சி ஊத்துறவளுக்கா இரக்கம் இல்லை?" என்று என்னிடம் அந்தத் தாளை நீட்டினார்.

தாளைப் பார்த்ததுமே தவறு தெரிந்தது. நம் பக்கம் பரவலாகப் பயன்படுவது கைரேகை பார்த்துப் பேர்பெற்ற கீரோ வழியில் வந்த கல்தேய அட்டவணை. அதில் எழுத்துகளுக்கு 1 முதல் 8 வரைதான் எண். 9 எந்த எழுத்துக்கும் கிடையாது. அதை வைத்து விடுபட்ட எண் தேடினால் உலகத்தில் எல்லாருக்கும் 9 விடுபட்டிருக்கும். பெயரில் விடுபட்ட எண்ணைக் 'கர்ம பாடம்' என்று சொல்லும் முறை வந்ததோ பித்தாகரஸ் அட்டவணையோடு. அதில் A முதல் I வரை 1 முதல் 9, J-யிலிருந்து மறுபடி 1, S-இலிருந்து மறுபடி 1. கூட்டுத்தொகை பார்க்கிற அட்டவணையைப் பாடம் பார்க்கவும் எடுப்பதுதான் நம் ஊரில் முதல் தவறு.

சரியான அட்டவணையில் போட்டேன்.

```
T A M I L S E L V I
2 1 4 9 3 1 5 3 4 9
```

9 இரண்டு தடவை இருக்கிறது. விடுபட்டவை 6, 7, 8. குடும்பப் பொறுப்பு, உள்முகத் தேடலும் நம்பிக்கையும், பணத்தைக் கையாளுதல் என்று இவற்றுக்குப் பாடம் சொல்வார்கள்.

இதோடு நிறுத்துவது அடுத்த தவறு. முறைப்படி எடுக்க வேண்டியது பிறப்பில் வைத்த முழுப்பெயர். கல்யாணத்துக்குப் பின் வந்த பெயரோ கூப்பிடும் பெயரோ அல்ல. நமக்கு முழுப்பெயர் எது? இனிஷியல் G சேர்த்தால் 7 வந்துவிடுகிறது. பாஸ்போர்ட்டில் இருப்பது போல அப்பா பெயரை விரித்து GOVINDASAMY என்று எழுதினால் 6-ம் 7-ம் வருகின்றன. மிச்சம் 8 மட்டும். அதே அப்பா பெயரோடு ஆதாரில் TAMIZHSELVI என்று இருந்தால், Z-க்கும் H-க்கும் 8; அப்போது எதுவுமே விடுபடவில்லை. ஒரே பெண்ணுக்கு மூன்று பாடம், ஒரு பாடம், பாடமே இல்லை! அவளுக்குப் பெயர் வைத்தது தமிழில்; ஆங்கில எழுத்துக்கூட்டல் பள்ளியில் சேர்த்த அன்று வாத்தியார் போட்டது. த-வுக்கு TH போடும் நம் வழக்கத்தால் மட்டும் LATHA-வுக்கு 8 கிடைத்துவிடுகிறது, வடக்கே LATA-வுக்குக் கிடைப்பதில்லை. எனவே பார்ப்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது, எந்த எழுத்துக்கூட்டலை, ஏன் எடுத்தீர்கள் என்பதுதான். பதில் தடுமாறினால் தாளை மடித்துவிடலாம்.

8 மட்டும் மிச்சம் என்றே வைப்போம். பிறந்த தேதி 13-3-1990. எல்லா இலக்கங்களையும் கூட்டினால் 26, அதாவது 8. இதைத்தான் விதி எண் என்பார்கள். விடுபட்ட எண் விதி எண்ணாக வந்தால் பாடம் தணிந்துவிடும் என்பது இந்த முறைக்குள்ளேயே உள்ள விதி. அதைப் பார்க்காமல் "பணம் தங்காது" என்று சொல்வது அரைகுறை வேலை.

தேதியில் விடுபட்ட எண் பார்ப்பது வேறு கணக்கு. தேதியின் இலக்கங்களை 1 முதல் 9 வரையிலான ஒன்பது கட்டங்களில் போட்டுப் பார்ப்பது; லோ ஷூ கட்டம் என்பார்கள். பெயர்க் கணக்கோடு கலக்கக் கூடாது. இவள் தேதியில் 1, 3, 9 மட்டுமே, பூஜ்ஜியத்தை எண்ணுவதில்லை. சிலர் பிறந்த நாளின் கூட்டு 4-ஐயும் விதி எண் 8-ஐயும் கட்டத்தில் சேர்ப்பார்கள், சிலர் சேர்க்க மாட்டார்கள். சேர்த்தால் 2, 5, 6, 7 விடுபடும். சேர்க்காவிட்டால் 4-ம் 8-ம் கூட.

இதில் இன்னொரு வேடிக்கை. 1900-களில் பிறந்த யாருக்கும் 1-ம் 9-ம் விடுபடவே முடியாது, வருடமே கொடுத்துவிடுகிறது. 2000-க்குப் பின் பிறந்த பிள்ளைகளுக்கு 2 இலவசம். 25-8-2004-இல் பிறந்தவனுக்கு 1-ம் இல்லை, 9-ம் இல்லை. "இந்தக் காலத்துப் பசங்களுக்குத் தன்முனைப்பு இல்லை, 1 விடுபட்டிருக்கு" என்று ஒரு தலைமுறைக்கே பாடம் எழுதுவது நாட்காட்டியைப் படிப்பதுதான், பிள்ளையைப் படிப்பது அல்ல. எழுத்துக்கும் எண்ணுக்கும் குணத்துக்கும் தொடர்பு உண்டு என்பதற்கு விஞ்ஞான ஆதாரம் கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த அம்மாவுக்கு நான் கடைசியாகச் சொன்னது பெயரை மாற்ற வேண்டாம் என்பது. தாளில் பரிகாரமாக ஓர் எழுத்தைக் கூட்டச் சொல்லியிருந்தார்கள். பாடம் பிறந்த பெயரில் இருக்கிறது என்பவர்களே, பின்னால் சேர்த்த எழுத்தால் அது போய்விடும் என்பது அவர்கள் விதிக்கே பொருந்தவில்லை. கெஜட், ஆதார், பேங்க், பத்திரம் என்று அலைச்சல் மட்டும் நிஜம். அம்மா தாளை வாங்கி, பின்பக்கம் காலியாக இருக்கிறதே என்று மளிகைக் கணக்கு எழுத வைத்துக்கொண்டார்.